120 ரூபாயா, 140 ரூபாயா: ஓர் இட்லிப் பொடிப் பக்கமும் அதற்குள் இருந்த இரண்டு ஸ்கீமாக்களும்

பெங்களூர் அல்சூரில் பொடியும் ஊறுகாயும் அப்பளமும் விற்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கடைக்கு நான்கு ஆண்டுகளாக இணையதள வேலை பார்த்து வருகிறேன். நவம்பர் மாதத்தில் ஒரு நாள் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "பூண்டுப் பொடி நூத்தி நாப்பது ரூபாய்னு சொன்னா, கூகுள்ல நூத்தி இருபதுதானே காட்டுதுன்னு கேக்குறாங்க தம்பி. நம்ம பக்கத்துல எங்கேயும் நூத்தி இருபதே இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். பக்கத்தில் 200 கிராம் பொட்டலம் 140 ரூபாய், 500 கிராம் பொட்டலம் 320 ரூபாய் என்றே இருந்தது. கூகுள் முடிவில்தான் தலைப்புக்குக் கீழே `₹120.00 · In stock` என்று ஒரு வரி நின்றது. உடனே உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் நான் பார்த்தபோது 120ம் இல்லை, 140ம் இல்லை. விலை வரியே காணாமல் போயிருந்தது.

தவறான விலை தெரிந்ததற்கும், பிறகு விலையே தெரியாமல் போனதற்கும் விடை ஒரே இடத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இணையப் பக்கத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. அதே பக்கத்தின் மூல நிரலுக்குள், எந்திரம் வாசிப்பதற்கென்று பெயர், விலை, இருப்பு, மதிப்பெண் ஆகியவற்றைப் பெயரிட்ட கட்டங்களில் எழுதி வைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கட்டமைக்கப்பட்ட தரவு என்கிறோம். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ஸ்கீமா என்றே சொல்வார்கள். கூகுள் இத்தகைய தரவைப் படித்து முடிவுகளில் கூடுதல் வரிகளைக் காட்டத் தொடங்கியது 2009ஆம் ஆண்டு மே மாதம். எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்ற பொது அகராதியை 2011 ஜூனில் கூகுள், பிங், யாகூ ஆகிய மூன்றும் சேர்ந்து `schema.org` என்ற பெயரில் வெளியிட்டன. இன்று பெரும்பாலான தளங்கள் அந்த அகராதியை ஜேசன்-எல்டி என்ற வடிவில், ஒரு ஸ்கிரிப்ட் துண்டாகப் பக்கத்துக்குள் வைக்கின்றன. கூகுள் பரிந்துரைப்பதும் இந்த வடிவத்தைத்தான். அந்தப் பொடிப் பக்கத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது இவ்வளவுதான்:

```html
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org/",
  "@type": "Product",
  "name": "பூண்டு இட்லிப் பொடி, 200 கிராம்",
  "image": "https://example.com/img/poondu-podi.jpg",
  "offers": {
    "@type": "Offer",
    "price": "140.00",
    "priceCurrency": "INR",
    "availability": "https://schema.org/InStock"
  }
}
</script>
```

இதில் `price` என்ற கட்டத்துக்குள் எண் மட்டுமே இருக்க வேண்டும். "ரூ. 140" என்றோ, ஆயிரத்தைத் தாண்டும் கூட்டுப் பொட்டலங்களுக்கு "1,240" என்று காற்புள்ளி வைத்தோ எழுதக் கூடாது. நாணயம் எது என்று சொல்வதற்கு `INR` என்ற மூன்றெழுத்துக் குறியீடு தனியே இருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே எழுதுவதுதான் முறை. பெங்களூரில் இதே பொருளைச் சட்னி புடி என்று தேடுகிறவர்களும் உண்டு என்பதற்காக நான்கு மொழிப் பெயர்களையும் `name` கட்டத்துக்குள் அடுக்குவதால் பயன் எதுவும் இல்லை. ஸ்கீமா பக்கத்தைத் தேடலில் மேலே ஏற்றுவதில்லை. பக்கம் ஏற்கெனவே தெரிகிற இடத்தில் அது எப்படித் தெரியலாம் என்பதற்கு மட்டுமே வழி செய்கிறது.

கடைக்காரரின் பக்கத்தைக் கணினியில் திறந்து, `Ctrl+U` அழுத்தி மூல நிரலை வரவழைத்து, அதில் `ld+json` என்று தேடினேன். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், ஆனாலும் இதைச் செய்யாமலே பல மாதங்களை ஓட்டுகிறவர்கள் அதிகம். மூன்று துண்டுகள் அகப்பட்டன. ஒன்று, தளத்தின் பக்க வழியைச் சொல்லும் சாதாரணத் துண்டு. அதனால் தொல்லை இல்லை. மற்ற இரண்டும் `Product` துண்டுகள். அவற்றில் ஒன்றை, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் தானாகவே உருவாக்கியிருந்தது. அது கடையின் விலைப்பட்டியலிலிருந்து நேராக எடுப்பதால் 140 என்று சரியாகவே சொன்னது. இன்னொன்று, முன்பு யாரோ ஒருவர் "தேடலில் நட்சத்திரம் வரும்" என்று சொல்லி நிறுவிய, பிளக்இன் என்ற ஒரு துணை மென்பொருள் தயாரித்தது. அதன் விவரங்களைத் தனிப் படிவம் ஒன்றில் கையால் நிரப்ப வேண்டும். நிரப்பிய காலத்தில் பொடியின் விலை 120. அதற்குப் பிறகு கடைக்காரர் விலைப்பட்டியலில் விலையை ஏற்றினார். படிவம் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. பிளக்இன் துண்டில் இன்னொரு கட்டமும் இருந்தது:

```json
"priceValidUntil": "2024-12-31"
```

இந்த விலை எந்த நாள் வரை செல்லும் என்று அறிவிக்கும் கட்டம் இது. இங்கே குறிப்பிட்ட தேதி கடந்துவிட்டால் பொருளுக்கான கூடுதல் விவரம் முடிவில் தெரியாமல் போகலாம் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது. ஆக, டிசம்பர் வரை கூகுள் பிளக்இன் துண்டை எடுத்து 120 என்று காட்டியது. ஆண்டு பிறந்ததும் அந்தத் துண்டின்படி விலை காலாவதியாகிவிட்டது. ஒரே பொருளுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு துண்டுகள் இருக்கும்போது எதைக் கூகுள் எடுத்துக்கொள்ளும் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொய்யான துண்டை எடுத்தது ஏன் என்று கேட்பதைவிட, இரண்டு துண்டுகளை வைத்தது ஏன் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

இந்தப் பிழையைச் சோதனைக் கருவிகள் ஏன் பிடிக்கவில்லை என்பதை இங்கே நின்று பார்ப்பது நல்லது. ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற கூகுளின் கருவியில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். இரண்டு பொருள்கள் அகப்பட்டதாகவும் இரண்டுமே செல்லுபடியாகும் என்றும் பச்சைக் குறியுடன் காட்டியது. அது பொய் சொல்லவில்லை. தேவையான கட்டங்கள் இருக்கின்றனவா, அவற்றின் வடிவம் சரியா என்பதை மட்டுமே அந்தக் கருவி பார்க்கிறது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் 140ஐயும் துண்டுக்குள் இருக்கும் 120ஐயும் ஒப்பிடுவது அதன் வேலை அன்று. அந்த ஒப்பீட்டை ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும். ஒரு பொருளை விற்கும் பக்கத்தில் "இரண்டு பொருள்கள்" என்று கருவி சொன்ன அந்த நேரமே நமக்கு உறுத்தியிருக்க வேண்டும். பச்சை நிறத்தைப் பார்த்ததும் பெரும்பாலோர் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

பிளக்இனில் பொருள்களுக்கான ஸ்கீமாவை உருவாக்கும் வசதியை அணைத்தேன். முழுப் பிளக்இனையும் நீக்கவில்லை. பக்கத் தலைப்புகளை அமைக்கும் வேலையை அதுதான் செய்துகொண்டிருந்தது. விலையை யார் மாற்றினாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்ற நிலை வர வேண்டும் என்பதுதான் இங்கே நோக்கம். கையால் நிரப்பும் எந்தப் படிவமும் ஆறு மாதத்தில் பழசாகிவிடும் என்பது என் அனுபவம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, மிளகாய் விலை ஏறும் நாளில் அவருக்கு வேறு கவலைகள் இருக்கும்.

அடுத்தது 500 கிராம் பொட்டலம். ஒரே பக்கத்தில் இரண்டு எடைகள் இருக்கும்போது விலை 140 முதல் 320 வரை என்று ஒரு வரம்பாகச் சொல்ல `AggregateOffer` என்ற வகை உண்டு. வசதியாகத் தோன்றும் இந்த வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுள் பொருள் பக்கங்களை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்கிறது. பொருளைப் பற்றிப் பேசும் பக்கங்களுக்குப் பெயரும், அதோடு விலை, விமர்சனம், சராசரி மதிப்பெண் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றும் இருந்தால் போதும். வரம்பு விலையும் அங்கே செல்லும். ஆனால் வாங்கும் வசதியுள்ள கடைப் பக்கங்களுக்கென்று உள்ள முடிவுகளில் இடம்பெறப் பெயர், படம், ஒரே விலையுள்ள `Offer` ஆகிய மூன்றும் வேண்டும். அங்கே வரம்பு விலை ஏற்கப்படாது. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இவை இரண்டும் `Product snippets` என்றும் `Merchant listings` என்றும் தனித்தனி அறிக்கைகளாக வருவதற்கு இதுவே காரணம். ஒரே பக்கம் முதல் அறிக்கையில் தேறி, இரண்டாவதில் தவறுவதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு.

எடைகளைத் துல்லியமாகச் சொல்ல `ProductGroup` என்ற அமைப்பு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் கூகுள் அதற்கு ஆதரவு அளித்தது. ஒரு குடும்பப் பெயரின் கீழ் 200 கிராம், 500 கிராம் என ஒவ்வொன்றையும் தன் விலையோடும் தன் அடையாள எண்ணோடும் தனித்தனியே அறிவிப்பது அது. அதற்கு ஒவ்வோர் எடையும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையிலேயே பக்கத்தைத் திறக்கும் தனி முகவரி வேண்டும். இந்தக் கடையின் தளத்தில் எடையைத் தொட்டால் விலை மாறும், முகவரி மாறாது. தளத்துக்கு வேறு தீம் போடும் அளவுக்கு இது பெரிய வியாபாரம் அன்று என்று முடிவு செய்து, பக்கம் திறந்ததும் தெரிகிற 200 கிராம் பொட்டலத்தை மட்டும் அறிவித்து நிறுத்தினேன். முழுமையில்லாத அறிவிப்புதான், ஆனாலும் அதில் பொய் இல்லை.

நட்சத்திரங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடைக்காரருக்கு விலையைவிட அதில்தான் ஆசை. பிளக்இன் படிவத்தில் சராசரி 4.9 என்றும் மதிப்பிட்டவர்கள் 250 பேர் என்றும் எழுதப்பட்டிருந்தது. எங்கிருந்து வந்தன இந்த எண்கள் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் பாராட்டி எழுதியவர்களை எல்லாம் கணக்கிட்டால் அவ்வளவு இருக்கும் என்றார். நான் அவரைச் சந்தேகப்படவில்லை. அவருடைய பூண்டுப் பொடிக்கு அதற்கு மேலும் தரலாம். ஆனால் பக்கத்தில் ஒரு விமர்சனம்கூட இல்லை. துண்டுக்குள் சொல்லும் மதிப்பெண்ணும் விமர்சனங்களும் அதே பக்கத்தில் வாசகரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறுவதைக் கூகுளின் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தால் சர்ச் கன்சோலில் `Manual actions` என்ற பகுதியில் அறிவிப்பு வரும்; அது தீரும் வரை கூடுதல் வரிகள் எதுவும் தெரியாது. சாதாரணத் தேடலில் பக்கத்தின் இடம் இதனால் குறைவதில்லை என்பது ஆறுதல். ஆனால் தவறான மதிப்பெண்ணுக்காகச் சரியான விலையையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும்.

2019 செப்டம்பரில் வந்த ஒரு மாற்றத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கடையோ நிறுவனமோ தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே வாங்கி வைத்த விமர்சனங்களுக்கு நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் அப்போது நிறுத்தியது. அது `LocalBusiness`, `Organization` என்ற வகைகளுக்கான தடை. பொருளின் பக்கத்தில், வாங்கியவர்கள் அந்தப் பொருளைப் பற்றி எழுதிய விமர்சனங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. எனவே கடைக்காரருக்கு வழி இருந்தது: பக்கத்திலேயே விமர்சனம் எழுதும் பெட்டியைத் திறந்து, வாங்கியவர்கள் எழுத எழுத, அந்தக் கணக்கைத் தீமே துண்டுக்குள் எடுத்துச் செல்லும்படி விடுவது. முதல் மாதத்தில் ஏழு பேர் எழுதினார்கள். சராசரி 4.6. ஒருவர் உப்பு கூடுதல் என்று எழுதியிருந்தார். அதை நீக்கும்படி கடைக்காரர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அவர் சொல்லவில்லை.

பிளக்இன் படிவத்தைத் துழாவியபோது அதே பக்கத்தில் `Recipe` வகையும் டிக் செய்யப்பட்டிருந்ததைக் கண்டேன். கட்டங்கள் காலியாக இருந்ததால் துண்டு மட்டும் உருவாகவில்லை. சமையல் குறிப்புகளுக்குப் பெரிய படமும் நேரமும் தெரிகின்றனவே, நம் பொடிக்கும் அப்படி வரட்டும் என்ற எண்ணம். பக்கம் எதைப் பற்றியதோ அதையே துண்டும் சொல்ல வேண்டும். பொட்டலத்தை விற்கும் பக்கத்தில் செய்முறை இல்லாதபோது அது சமையல் குறிப்பு ஆகாது. சமையல் குறிப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு தனிப் பக்கம் எழுதி, அதிலிருந்து பொருள் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கலாம். கடைக்காரரின் மனைவி பொடி இட்லி செய்யும் முறையை எழுதிக் கொடுத்தார். அதைத் தனிப் பக்கமாக்கினோம்.

`Recipe` துண்டுக்குக் கட்டாயமானவை பெயரும் படமும் மட்டுமே. மற்றவை பரிந்துரைகள்தான், ஆனால் அவை இல்லாமல் முடிவில் பார்க்கத் தகுந்ததாக எதுவும் தெரியாது. அங்கே அடிக்கடி தவறுகிற இடம் நேரம். "10 நிமிடம்" என்று எழுதினால் எந்திரத்துக்குப் புரியாது; காலத்துக்கென்று உள்ள சர்வதேச வடிவில் எழுத வேண்டும்:

```json
"prepTime": "PT10M",
"cookTime": "PT5M",
"totalTime": "PT15M"
```

முன்னால் இருக்கும் `P` கால அளவைக் குறிக்கிறது. `T` இனி வருவது மணி, நிமிடக் கணக்கு என்கிறது. அந்த `T` விடுபட்டு `P10M` என்று ஆகிவிட்டால் அதற்குப் பொருள் பத்து மாதம். ஆவக்காய்க்குக்கூட அத்தனை நாள் ஆகாது. `prepTime`, `cookTime` இரண்டையும் சேர்த்தே தர வேண்டும் என்பதும் கவனிக்க வேண்டியது. செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல `HowToStep` என்ற வகையைப் பயன்படுத்துகிறோம். "எப்படிச் செய்வது" என்ற பொதுவான பக்கங்களுக்குக் கூகுள் தந்துவந்த தனி முடிவு 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டதால், இந்த வகையும் செத்துவிட்டது என்று சிலர் நீக்கச் சொல்வார்கள். சமையல் குறிப்புக்குள் அது இன்றும் செல்லும்.

இந்தச் சமையல் பக்கத்தில் எனக்கே ஒரு சறுக்கல் நேர்ந்தது. துண்டை ஒரு சொற்செயலியில் தட்டச்சு செய்து வைத்திருந்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினேன். சொற்செயலி நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக அழகுபடுத்தியிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வளைந்த குறியோடு வரும் ஜேசன் முழுவதும் குப்பை. இத்தகைய துண்டில் கூகுளால் பெயரைக்கூட வாசிக்க முடியாததால் அது `Recipe` அறிக்கைக்குள் பிழையாக வராது. சர்ச் கன்சோலில் `Unparsable structured data` என்ற வேறொரு அறிக்கையில் போய் நிற்கும். சமையல் அறிக்கையில் பிழை இல்லையே என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். இப்போது துண்டுகளைச் சாதாரண உரைத் திருத்தியில் மட்டுமே எழுதுகிறேன்.

எல்லாம் சரியான பிறகு சர்ச் கன்சோலில் பொடிப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மீண்டும் வாசிக்கும்படி விண்ணப்பித்தேன். ஐந்தாம் நாள் `₹140.00 · In stock` என்ற வரி வந்தது. ஒருவேளை வராமலும் போயிருக்கலாம். துண்டு பிழையின்றி இருப்பது தகுதியைத் தருகிறதே தவிர, காட்டியே தீருவோம் என்று கூகுள் எங்கும் வாக்களிக்கவில்லை. ஊறுகாய்ப் பக்கங்கள் மூன்றில் இரண்டுக்குத்தான் விலை வரி வந்திருக்கிறது. மூன்றாவதன் துண்டை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். குறை எதுவும் அகப்படவில்லை.

மார்ச் மாதம் கடைக்காரர் பொடியின் விலையை 150 ஆக்கினார். விலைப்பட்டியலில் மாற்றிய அந்த நொடியே பக்கத்திலும் துண்டிலும் 150 வந்துவிட்டது; கூகுளில் மூன்று நாள் 140 என்றே இருந்தது. மறுபடியும் அவரிடமிருந்து அழைப்பு. இந்த முறை மூல நிரலைப் பார்த்து, இரண்டும் ஒன்றாகவே இருப்பதை உறுதி செய்துவிட்டு, கூகுள் அடுத்த முறை வந்து பார்க்கும் வரை பழைய விலைதான் இருக்கும், துண்டில் நாம் செய்ய எதுவும் இல்லை என்று சொன்னேன். "அப்போ அந்த மூணு நாளும் பழைய விலைக்கே கொடுத்துடலாம்" என்றார் அவர்.